கரும்பச்சைக் கரையும் மெரூன் கரையும்: நிறம் பிரியாத கண்ணுக்கு வீட்டில் அடையாளம் வைக்கும் முறை

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாப் பிரியாதுங்க. கோபி பக்கம் தோட்டத்து வீடு. மேட்சிங் கரை வேட்டியும் சட்டையும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிடறார். சமையல்கட்டு டப்பாவுக்கெல்லாம் கலர் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன், அதுவும் ஆகலை. யாரையும் கேக்காம அவரே பார்த்து எடுக்கிற மாதிரி துணிக்கும் சாமானுக்கும் எப்படி அடையாளம் வைக்கிறதுங்க? நான் அவருக்கு மாமன் மகதான். எங்க அப்பாவுக்கும் இதே குறை. ஆறு வயசுல ஒரு பொண்ணு இருக்குது, அவளுக்கும் வருமா?

பதில்:

வணக்கம்ங்க. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேப்பில் துணியின் நிறத்தை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. என் தம்பிக்கும் இதே குறைபாடு. அவன் துணிமணிக்கு அடையாளம் வைத்துக் கொடுத்தது நான்தான் என்பதால், வீட்டில் எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்து சொல்கிறேன். மகளைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதை விட்டுவிடக் கூடாது, உங்கள் குடும்பத்தில் அது முக்கியமான கேள்வி.

முதலில் கலர் ஸ்டிக்கர் ஏன் ஆகவில்லை என்று பார்க்கலாம். நிறம் பார்ப்பதற்கு நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. ஒன்று சிவப்புப் பக்கத்து வெளிச்சத்தை அதிகம் வாங்கும், ஒன்று பச்சைப் பக்கம், ஒன்று நீலப் பக்கம். முதல் இரண்டும் தனித்தனியாகச் சொல்வதை மூளை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் சிவப்பு வேறு, பச்சை வேறு என்று ஆகிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த இரண்டில் ஒன்று இல்லாமல் இருக்கும், அல்லது இன்னொன்றைப் போலவே வேலை செய்யும். அதனால் இலைப்பச்சையிலிருந்து சிவப்பு வரைக்கும் உள்ள நிறங்களெல்லாம் அவருக்கு மஞ்சள், பழுப்பு என்ற ஒரே சாயலுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் இரண்டு விஷயம் அவரிடம் முழுசாக இருக்கிறது. நீலத்தையும் மஞ்சளையும் அவர் நன்றாகப் பிரிப்பார். எது வெளுப்பு, எது கருப்பு என்பதும் பெரும்பாலும் நம்மைப் போலவே தெரியும். சிவப்பு ஸ்டிக்கரும் பச்சை ஸ்டிக்கரும் ஒரே அளவு அழுத்தமாக இருந்தால் அவருக்கு அது ஒரே ஸ்டிக்கர்தான். இன்னும் பளிச்சென்ற சிவப்பு, இன்னும் பளிச்சென்ற பச்சை வாங்கி ஒட்டினாலும் பெரிதாக மாறாது. நாம் வைக்கும் அடையாளம் அவரிடம் இருக்கிற அந்த இரண்டின் மேல் நிற்க வேண்டும், இல்லையென்றால் எழுத்து, உருவம், தொட்டால் தெரிகிற முடிச்சு என்று நிறத்தை விட்டே வெளியே வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடையாளம் வைக்கத் தேவையில்லை. எது எதோடு குழம்புகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு “இது என்ன கலர்?” என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷத்தில் நிறத்தின் பெயரை ஊகித்துச் சொல்ல அவர் நன்றாகப் பழகியிருப்பார். தக்காளி சிவப்பு, இலை பச்சை என்று பொருளை வைத்தே சொல்லிவிடுவார், சரியாகவும் இருக்கும். 1870-களில் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹோல்ம்கிரென் ரயில்வே ஆட்களைச் சோதிக்கக் கம்பளி நூல் கண்டுகளைக் கொடுத்தார். பெயர் எதுவும் சொல்ல வேண்டாம், இந்தக் கண்டோடு சேருகிற கண்டுகளை எடுத்து வை என்பதுதான் சோதனை. நூலும் துணியுமாக இருக்கிற நம் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான முறை கிடையாது.

காலையில் ஒன்பது பத்து மணிக்கு, நேர் வெயில் படாத திண்ணையில் அவருடைய கரை வேட்டிகளையும் சட்டைகளையும் மொத்தமாகப் பரப்புங்கள். ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்தால் ஒரே மாதிரி தெரிவதையெல்லாம் அவரே தனித்தனிக் குவியலாகச் சேர்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குவியலை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சிரிக்கவோ திருத்தவோ வேண்டாம். ஒரே குவியலில் விழுந்த வேறு வேறு நிறத் துணிகள்தான் உங்கள் வேலை. தனியாக நின்ற துணிக்கு ஒரு வேலையும் இல்லை.

ஒரு அலமாரியை வைத்துச் சொல்கிறேன். ஏழு செட் இருக்கிறது என்று வையுங்கள்: கரும்பச்சை, காபிப் பழுப்பு, மெரூன், நீலம், சாம்பல், வெளிர் ரோஸ், சந்தனம். இந்தக் குறைபாடு நன்றாக உள்ளவர் பிரித்தால் பெரும்பாலும் இப்படி வரும். கரும்பச்சை, காபி, மெரூன் மூன்றும் ஒரே குவியல். சாம்பலும் வெளிர் ரோஸும் இன்னொரு குவியல். நீலம் தனி, சந்தனம் தனி. சாம்பலும் ரோஸும் எப்படிச் சேரும் என்று நமக்கு ஆச்சரியமாக இருக்கும். ரோஸில் இருக்கிற கொஞ்சச் சிவப்பு அவருக்கு எட்டவில்லை என்றால் மிச்சமிருப்பது வெறும் வெளிர் சாம்பல்தான். கடல்பச்சை என்று விற்கிற நீலமும் பச்சையும் கலந்த சாயலும் அதே குவியலுக்கு வரும். பிறகு ஊதாக் கலர் செட் வாங்கினால் அது நீலத்தோடு போய்ச் சேரும், ஏனென்றால் ஊதாவில் உள்ள சிவப்பைக் கழித்தால் நீலம்தான். கிளிப்பச்சையும் ஆரஞ்சும் அப்படியே ஒரு ஜோடி. இதெல்லாம் குறைபாட்டின் அளவைப் பொறுத்தது. லேசாக உள்ளவர்கள் பெரிய துணியில், நல்ல வெளிச்சத்தில் பிரித்துவிடுவார்கள், இரண்டு விரல் அகலக் கரையில் கோட்டை விடுவார்கள். அதனால் கரைகளைக் கரையாகவே காட்டிச் சோதியுங்கள். சட்டைத் துணியில் பிரித்தார் என்று கரைக்கும் சேர்த்து முடிவு கட்ட வேண்டாம்.

இந்தச் சோதனையிலேயே இன்னொன்றும் தெரிந்துவிடும். மெரூன் கரையையும் கறுப்புக் கரையையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்று என்றால், அவருக்குச் சிவப்புப் பக்கத்துச் செல்லில்தான் குறை இருக்க வாய்ப்பு அதிகம். அவர்களுக்குச் சிவப்பு நிறம் மாறுவதோடு இருண்டும் தெரியும். பச்சைப் பக்கத்துச் செல்லில் குறை உள்ளவர்களுக்கு, இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், சிவப்பின் வெளிச்சம் குறையாது, சாயல் மட்டும்தான் குழம்பும். வீட்டில் வைக்கும் அடையாளத்துக்கு இந்த வித்தியாசம் ஒரே ஒரு இடத்தில் முக்கியம். முதல் வகையாக இருந்தால் கறுப்பு மேல் சிவப்பு எழுத்து, கருநீலம் மேல் சிவப்பு எழுத்து எதையும் அவர் படிக்க முடியாது. இதை உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கண் ஆஸ்பத்திரியில் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் புத்தகத்தைக் காட்டிச் சொல்வார்கள். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் கொண்டுவந்த படங்கள் அவை. குறை எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டுவதற்கென்றே அதில் சில பக்கங்கள் உண்டு, அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அடையாளம். மனதில் முதலில் தோன்றுவது நிறத்தின் முதல் எழுத்தைத் தைப்பதுதான். அதில் நம் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. பச்சைக்கும் ‘ப’, பழுப்புக்கும் ‘ப’. அவர் மிக அதிகமாகக் குழப்புகிற ஜோடியே அதுதான். எழுத்தை விட்டுவிட்டு எண்ணிக்கைக்கு வந்துவிடுங்கள். குவியலுக்குக் குவியல் எண்ணைப் புதிதாக ஆரம்பிப்பது நல்லது. கருத்த குவியலில் கரும்பச்சைக்கு ஒரு முடிச்சு, காபிக்கு இரண்டு, மெரூனுக்கு மூன்று. வெளுத்த குவியலில் சாம்பலுக்கு ஒன்று, ரோஸுக்கு இரண்டு. கருத்த துணியா வெளுத்த துணியா என்பதை அவர் கண்ணே சொல்லிவிடும், எனவே ஒரே எண் இரண்டு குவியலில் வருவதால் குழப்பம் வராது. இப்படிச் செய்தால் எவ்வளவு துணி சேர்ந்தாலும் மூன்று நான்கு முடிச்சுக்கு மேல் போகாது. அதற்கு மேல் போனால் விரலால் எண்ணுவது சிரமம். நீலத்துக்கும் சந்தனத்துக்கும் ஒன்றும் வேண்டாம். பின்னால் ஊதா வந்தால் அன்றைக்கு நீலத்துக்கு ஒன்று, ஊதாவுக்கு இரண்டு.

முடிச்சு என்பது பூவேலையில் போடுவோமே, ஊசியில் நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பக்கத்திலேயே குத்தி இழுப்பது, அதுதான். இரட்டை நூலில் போடுங்கள். ஒரு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் அரை சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தால்தான் விரல் நுனி தனித்தனியாக எண்ணும். நூல் எந்த நிறமாகவும் இருக்கலாம், ஆனால் கருத்த துணியில் வெள்ளை நூல், வெளுத்த துணியில் கறுப்பு நூல் என்று இருந்தால் கண்ணுக்கும் தெரியும். வேட்டியில் கரை முடிகிற மூலையின் உள்பக்கம், மடித்துத் தைத்த இடத்தில் போடுங்கள். சட்டையில் பட்டன் பட்டியின் அடிநுனியில், உள்பக்கம். எல்லாத் துணியிலும் அதே இடமாக இருக்க வேண்டும். ஒரு சட்டையில் காலரிலும் இன்னொன்றில் பையிலும் இருந்தால் அவர் தேடிக்கொண்டிருப்பார், பத்து நாளில் தேடுவதையே விட்டுவிடுவார். ஜோடியான வேட்டிக்கும் சட்டைக்கும் ஒரே எண்ணிக்கை. அவர் செய்ய வேண்டியது மூன்று முடிச்சு வேட்டிக்கு மூன்று முடிச்சு சட்டையை எடுப்பது மட்டும்தான். முகூர்த்தத்துக்காக விடியக்காலையில் மின்சாரம் போன நேரத்தில் கிளம்பினாலும் கை பார்த்துக்கொள்ளும்.

அயர்ன் வைத்து ஒட்டுகிற லேபிள்களை நான் நம்புவதில்லை. வேட்டிக்குக் கஞ்சி போட்டு நல்ல சூட்டில் தேய்க்கிறோம், ஓரம் கிளம்பிவிடுகிறது. துணியில் எழுதுகிற மார்க்கர் பேனா வெள்ளைத் துணிக்குப் பரவாயில்லை, மங்க மங்க மறுபடி எழுத வேண்டும். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளிகள் சேராங்கொட்டைச் சாற்றில் குறி போடுவார்கள், துணி கிழிந்தாலும் குறி போகாது. ஆனால் அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்பளிக்கும், வீட்டில் அதைக் கையில் எடுக்க வேண்டாம். முடிச்சுத் தையல் அதே அளவு நீடித்து உழைக்கும்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். “கருத்த கரை: 1 கரும்பச்சை, 2 காபி, 3 மெரூன். வெளுத்த கரை: 1 சாம்பல், 2 ரோஸ்.” ஜோடி சேர்ப்பதற்கு இது தேவையில்லை. “அந்த மெரூன் சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க” என்று நீங்கள் சொல்லும்போது எது என்று அவர் பார்த்துக்கொள்வதற்குத்தான். புதுத் துணி கடையிலிருந்து வந்த அன்றைக்கே பகல் வெளிச்சத்தில் நிறம் பிரிகிற ஒருவர் முடிச்சைப் போட்டுவிட வேண்டும். அலமாரிக்குள் போன பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

கடையில் எடுக்கும்போதே குழப்பத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. வீட்டில் இருக்கிற செட்டையும் புதிதாக எடுக்கப் போகிற செட்டையும் ஒரே போட்டோவில் வருகிற மாதிரி எடுத்து, போனில் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால், அந்த இரண்டையும் பிரிப்பது நிறம் மட்டும்தான். ஒன்று நன்றாகக் கருத்தும் இன்னொன்று வெளுத்தும் வந்தால் முடிச்சு இல்லாமலேயே அவர் பிரிப்பார். கரும்பச்சை ஏற்கனவே இருக்கிறதென்றால் மெரூனுக்குப் பதில் செங்கல் நிறத்தில் வெளிர்ந்த சாயல் எடுங்கள், பாதிப் பிரச்சினை வராமலே போகும். இதில் ஒரு எச்சரிக்கை. அவருக்குச் சிவப்பு இருண்டு தெரிகிற வகை என்றால் இந்தப் போட்டோ சிவப்பு விஷயத்தில் ஏமாற்றும். போட்டோவில் நடுத்தரச் சாம்பலாக வருகிற சிவப்பு அவர் கண்ணுக்குக் கறுப்பை ஒட்டியிருக்கும். அப்படிப்பட்டவருக்குச் சிவப்புத் துணி எதுவானாலும் கறுப்போடு ஒருமுறை பக்கத்தில் வைத்து அவரிடமே காட்டிவிடுங்கள்.

முடிச்சு இல்லாத துணி, விருந்தாளி வீட்டுத் துண்டு, கடைத் துணி இவற்றுக்கு அவர் சட்டைப்பையில் ஒரு துண்டு சிவப்புக் கண்ணாடித்தாள் இருக்கட்டும். பரிசுப் பொருள் சுற்றுகிற, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற கலர் கண்ணாடித்தாள்தான். இரண்டாக மடித்து அதன் வழியாகப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். சிவப்புத் துணி வெளுத்துத் தெரியும், பச்சைத் துணி கருத்துப்போகும், பழுப்பு நடுவில் நிற்கும். அதாவது சாயலில் இருக்கிற வித்தியாசத்தை அவருக்குத் தெரிகிற வெளுப்பு கருப்பு வித்தியாசமாக அது மாற்றிவிடுகிறது. தாளோடு ஒரு பார்வை, தாள் இல்லாமல் ஒரு பார்வை என்று மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், எந்தத் துணி சட்டென்று இருண்டது என்பதுதான் குறிப்பு. நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். சிவப்பு இருண்டு தெரிகிற வகையினருக்குத் தாளே மங்கலாக இருக்கும், வேலை செய்யும், ஆனால் வெயிலுக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். இந்தத் தாள் என் தம்பிக்கு எந்தப் போன் ஆப்பையும்விட நன்றாக உதவுகிறது. போன் கேமராவில் நிறத்தின் பெயர் சொல்கிற ஆப்கள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சாம்பலைப் பழுப்பு என்றும், கரும்பச்சையைக் கறுப்பு என்றும் சொல்லிவிடுகின்றன.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் வெளிச்சத்தில் நமக்கே காபியும் கரும்பச்சையும் நெருங்கி வரும், அவருக்கு இருக்கிற கொஞ்ச வித்தியாசமும் போய்விடும். அலமாரிக்கு முன்னால் வெள்ளை வெளிச்சம் தருகிற எல்.இ.டி. பல்பு ஒன்று மாட்டுங்கள். துணி பிரிப்பதையும் துவைக்கப் போடுவதையும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். துவைக்கும்போது இன்னொன்று நடக்கும். மெரூன் சாயம் இறங்கி வெள்ளை வேட்டியில் லேசாக ரோஸ் ஏறியிருந்தால் அது அவர் கண்ணில் படாது, வெள்ளையென்றே கட்டிக்கொள்வார். புது மெரூனையும் சிவப்பையும் முதல் சில சலவைக்குத் தனியாக அலசும் வேலை அவரிடம் இருந்தால், மூன்று முடிச்சு உள்ளது தனி வாளி என்று சொல்லி வைத்துவிட்டால் போதும்.

சமையல்கட்டுக்கு வருவோம். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் அவருக்கு ஒரே குவியல், சாம்பார்ப் பொடியும் அதோடு சேரும். மஞ்சள்தூள் தனி. மூடியின் நிறத்தை மாற்றுவதற்குப் பதில் டப்பாவின் உருவத்தை மாற்றுங்கள். மிளகாய்த்தூள் மட்டும் சதுர டப்பாவில், மற்றதெல்லாம் உருண்டை டப்பாவில் என்று வைத்தால், அதிகம் சேதம் பண்ணுகிற ஒன்று தனியாகிவிடும். லேபிள் ஒட்டுவதென்றால் வெள்ளைத் தாளில் அல்லது மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து, மூடியில் ஒட்டாமல் டப்பாவின் உடம்பில். மூடி மாறிப் போகும். சிவப்பு மை, பச்சை மை இரண்டையும் வீட்டுக் குறிப்புகளிலிருந்து எடுத்துவிட்டுக் கறுப்பும் நீலமும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் காலண்டரில் விடுமுறை நாட்கள் சிவப்பில் இருக்கும், வருஷம் பிறந்ததும் பேனாவால் அந்த எண்களைச் சுற்றி வட்டம் போட்டுவிடுங்கள்.

கடையில் வாங்குகிற பாக்கெட்டில் சைவ, அசைவக் குறிகள் முன்பு இரண்டுமே சதுரத்துக்குள் உருண்டைப் புள்ளிதான், ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. பச்சையும் பழுப்பும் பிரியாதவர்களுக்கு அது ஒரே குறி. 2020-இல் வந்த லேபிள் விதிகளில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றியது. சைவத்துக்கு உருண்டை, அசைவத்துக்கு முக்கோணம். இதை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள், இந்தக் குறை உள்ள பலருக்கு இது தெரியவே தெரியாது.

தோட்டத்து வீடு என்பதால் மருந்து வைக்கிற இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பூச்சிமருந்து டப்பாவில் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறம் விஷத்தின் அளவைக் காட்டும். மிகக் கடுமையானது சிவப்பு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், குறைந்தது பச்சை. அதாவது இருக்கிறதிலேயே அதிக விஷமும் குறைந்த விஷமும் அவர் குழப்புகிற நிறங்களில் இருக்கின்றன. நிறத்தைப் பார்க்காமல் மேல்பாதியைப் பார்க்கப் பழக வேண்டும். மண்டை ஓடும் எலும்பும் இருந்தால் அது சிவப்பு வகை. மண்டை ஓடு இல்லாமல் பாய்சன் என்று மட்டும் இருந்தால் மஞ்சள், டேஞ்சர் என்றால் நீலம், காஷன் என்றால் பச்சை. லேபிள் மண்ணும் எண்ணெயும் பட்டு அழிந்துபோவதால், வாங்கி வந்த அன்றைக்கே மண்டை ஓடு உள்ள டப்பாவின் கழுத்தில் கம்பி ஒன்றைச் சுற்றி முறுக்கிவிட்டுத் தனி அடுக்கில் பூட்டி வையுங்கள். கையில் எடுத்தவுடன் கம்பி தட்டுப்படும். எவ்வளவு சின்ன டப்பாவானாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தான் ஓட, சிவப்பு நிறுத்த. நிறுத்துகிற பொத்தானுக்கு மேல் வெள்ளை பெயின்டில் ஒரு பட்டைக் கோடு இழுத்துவிட்டால் போதும். வயரிங் விஷயத்தில் மட்டும் அடையாளமெல்லாம் வேண்டாம், அவர் கையே வைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பழைய வீட்டு வயரிங்கில் கரண்ட் வருகிற ஒயர் சிவப்பு, எர்த் பச்சை, நியூட்ரல் கறுப்பு. குறை எந்த வகையானாலும் அதில் ஏதோ ஒரு ஜோடி அவருக்கு ஒன்றாகிவிடும். சார்ஜர், டார்ச் லைட்டில் ஒரே புள்ளி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதும் அவருக்குத் தெரியாமல் போகலாம். சார்ஜ் ஏறிவிட்டதா என்று எண்ணாகக் காட்டுகிற பொருளை, அல்லது இரண்டு தனித்தனி விளக்கு உள்ளதை வாங்குங்கள்.

நிறக்குறைக் கண்ணாடி என்று விலை உயர்த்தி விற்கிறார்களே, வாங்கலாமா என்று நீங்கள் யோசிக்கலாம். அது சில நிறங்களுக்கு நடுவே வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும், இல்லாத செல்லைக் கொண்டுவராது. கூட்டிக் காட்டும்போதே வேறு ஏதாவது இரண்டு நிறத்தை நெருக்கியும் விடும். அந்தப் பணத்துக்கு நல்ல கரை வேட்டிகளே எடுத்துவிடலாம் என்பேன். போனில் அணுகல் வசதிகள் பகுதியில் உள்ள கலர் கரெக்‌ஷனைப் போட்டுப் பாருங்கள், மேப்பிலும் படங்களிலும் கோடுகள் பிரிந்து தெரியும். அது திரைக்கு மட்டும்தான்.

இனி உங்கள் மகள். இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ், அதில் குறை இருந்தால் பார்வையில் தெரிந்துவிடும். பெண்ணுக்கு இரண்டு, ஒன்று நன்றாக இருந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது, ஆனால் பிள்ளைகளுக்குக் கடத்துவாள். அதனால்தான் பொதுவாக அப்புச்சிக்கு இருப்பது மகள் வழியாகப் பேரனுக்கு வந்து நிற்கும். உங்கள் வீட்டில் கணக்கு வேறு. உங்கள் அப்பாவுக்கு இந்தக் குறை இருப்பதால் அவருடைய ஒரே எக்ஸ் அப்படியே உங்களுக்கு வந்திருக்கிறது. நீங்கள் நிறம் நன்றாகப் பார்த்தாலும் அதைச் சுமக்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. உங்கள் வீட்டுக்காரரின் எக்ஸும் குறையுள்ளது, அது மகளுக்கு நிச்சயமாகப் போயிருக்கும். உங்களிடமிருந்து அவளுக்கு வந்தது நல்ல எக்ஸா குறையுள்ளதா என்பதுதான் கேள்வி, அது பாதிக்குப் பாதி. பெண் பிள்ளைகளுக்கு இது அரிது என்று யாராவது சொன்னால், அது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. அடுத்து மகன் பிறந்தாலும் அதே பாதிக்குப் பாதிதான்.

ஆறு வயசு என்பது சோதிக்கச் சரியான வயசு. எண் படிக்கத் தெரிந்தால் அதே புள்ளிப் படங்கள் போதும். இல்லையென்றால் வளைந்து போகிற கோட்டை விரலால் தடவிக் காட்டச் சொல்கிற படங்கள் அதே புத்தகத்தின் கடைசியில் இருக்கின்றன. குறை இருக்கிறது என்று தெரிந்தால் வகுப்பு டீச்சரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கரும்பலகையில் சிவப்பு, பச்சைச் சாக்பீஸில் எழுதியதை அவள் படிக்கத் திணறலாம், வெள்ளையிலோ மஞ்சளிலோ எழுதினால் படிப்பாள். நிறத்தை வைத்துப் பொருள்களைப் பிரிக்கிற பயிற்சியில் தப்பு செய்தால் அது கவனக்குறைவு இல்லை. வீட்டில் கிரயான் வாங்கியதும் ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் நிறத்தின் பெயரை முழுசாகத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளை உரிக்க விடாதீர்கள், தேய்ந்து பெயர் போகும்போது மறுபடி எழுதி ஒட்டுங்கள்.